லேத் சும்மா நிற்கும்போது சென்ட்டர் பிளேட்டை வெளியில் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். மன்னார்குடி பக்கம் சேற்று உழவுக்கு டிராக்டரில் மாட்டும் இரும்புக் கேஜ் வீல் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். வருடத்துக்கு 600 ஜோடி போகிறது. நடுவில் வரும் சென்ட்டர் பிளேட்டைத் துவாக்குடியில் லேசரில் வெட்டி வாங்குகிறோம். ஜி.எஸ்.டி. போக, வண்டி வாடகை சேர்த்து ஒன்று 850 ரூபாய். மே முதல் செப்டம்பர் வரை எங்கள் லேத்துக்கு ஓய்வே இல்லை. வெளி ஆட்களின் ஜாப் வொர்க்குக்கு மணிக்கு 450 வாங்குகிறோம், பலரைத் திருப்பியும் அனுப்புகிறோம். மற்ற ஏழு மாதமும் பாதி நேரம் சும்மா நிற்கிறது. பிளேட்டை நாமே செய்யலாம் என்கிறார் டர்னர். கணக்கர் போட்ட கணக்கில் ஒரு பிளேட்டுக்கு இரும்பு 645, கேஸ் 38, டிப்பும் டிரில்லும் 22, கரண்ட் 20, கூலி 125, மெஷின் தேய்மானம் 85, வாடகை, ஆபீஸ் செலவில் பங்கு 115 என்று மொத்தம் 1,050 வருகிறது. “ஒன்றுக்கு 200 ரூபாய் நஷ்டம், வேண்டாம்” என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: கணக்கரின் கூட்டலில் பிழை இல்லை. ஆனால் அவர் போட்டிருப்பது வேறொரு கேள்விக்கான கணக்கு. பட்டறையின் எல்லாச் செலவையும் எல்லாப் பொருள் மேலும் பரப்பினால் பிளேட்டின் தலையில் எவ்வளவு விழும் என்பதை 1,050 சொல்கிறது. கேஜ் வீலுக்கு விலை வைக்கும்போது அந்த எண் வேண்டும். நீங்கள் கேட்பதோ, நாளை முதல் பிளேட்டை இங்கேயே செய்தால் கையை விட்டுப் போகும் பணம் எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்பது. அதற்கு ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வி கேட்டால் போதும்: பிளேட் செய்யாவிட்டால் இந்தச் செலவு நின்றுவிடுமா? நிற்கும் என்றால் கணக்கில் வரும். நிற்காது என்றால், எவ்வளவு பெரிய தொகையானாலும் இந்த முடிவுக்கு அது வேண்டாத எண்.

இரும்பு நிற்கும். அதனால் 645 வருகிறது. இதில் கணக்கர் ஒன்றை விட்டுவிட்டார். 370 மி.மீ. சதுரத்தில் 10 மி.மீ. கனத் தகடு என்றால் எடை 10.75 கிலோ, கிலோ 60 ரூபாய். அதிலிருந்து 360 மி.மீ. வட்டம் வெட்டி, நடுவில் 150 மி.மீ. துளையும் போல்ட் துளைகளும் போட்ட பிறகு பிளேட்டில் நிற்பது சுமார் ஆறரை கிலோ. கேஸில் எரிந்து போவது போக 4 கிலோ பழைய இரும்பாக விற்கும். கிலோ 30 என்றால் 120 ரூபாய் திரும்பி வருகிறது. செய்தால்தான் இந்த 120 கிடைக்கும், வாங்கினால் கிடைக்காது. ஆகவே இதைக் கழிக்க வேண்டும். ஸ்கிராப் விற்ற பணம் பல பட்டறைகளில் டீச் செலவு டப்பாவுக்குள் போய்விடுவதால் கணக்கில் ஏறுவதே இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 645 என்பது கடைக்காரர் சதுரமாக வெட்டித் தரும் கட் பீஸ் விலை. கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைகிறதே என்று முழு ஷீட் எடுக்கப் போனால் கதை மாறும். 1250-க்கு 2500 ஷீட்டில் அகலத்தில் 3, நீளத்தில் 6 என்று 18 துண்டுதான் விழும். ஷீட்டின் எடை 245 கிலோ, ஆகவே ஒரு துண்டுக்கு 13.6 கிலோ இரும்பு செலவாகிறது. ஓரத்தில் 140 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டையும் கடைசியில் 280 மி.மீ. துண்டும் மிஞ்சும். அவற்றை வீலின் வேறு பாகங்களுக்கு நீங்களே பயன்படுத்துவீர்கள் என்றால் ஷீட் லாபம். மூலையில் போட்டு வைத்து ஸ்கிராப்பில் தள்ளுவீர்கள் என்றால் கட் பீஸே மலிவு.

கேஸ் 38, டிப்பும் டிரில்லும் 22 இரண்டும் முழுதாக வரும். கரண்ட் 20-ஐ இரண்டாகப் பிரிக்க வேண்டும். யூனிட் கட்டணம் ஓடினால்தான் ஏறும். அனுமதிக்கப்பட்ட லோடுக்குக் கட்டும் நிலைக் கட்டணம் லேத் ஓடினாலும் நின்றாலும் பில்லில் வரும். உங்கள் பில்லைப் பார்த்துப் பிரியுங்கள். இங்கே யூனிட்டுக்கு 14, நிலைக் கட்டணத்துக்கு 6 என்று வைத்துக்கொள்கிறேன்.

கூலி 125-ல்தான் தகராறு. கேஸ் கட்டிங் ஆள் தினக்கூலி, ஒரு நாளைக்கு 800. பிளேட்டுக்கு வெட்டவும் கசடு தட்டவும் 27 நிமிடம் என்றால் 45 ரூபாய். வேலை இல்லாத நாளில் அவரைக் கூப்பிட மாட்டீர்கள், அதனால் இந்த 45 வரும். மீதி 80 டர்னருக்கும் டிரில் போடுபவருக்கும் தரும் மாதச் சம்பளத்தின் பங்கு. லேத் பாதி நேரம் நின்றாலும் இருவருக்கும் சம்பளம் முழுதாகத்தான் போகிறது. பிளேட் செய்ததால் ஒரு ரூபாய்கூடக் கூடப் போவதில்லை, ஆகவே 80 வராது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பிளேட் வேலை இல்லாவிட்டாலும் ஏழு மாதமும் இந்த இருவரையும் நிச்சயம் வைத்துக்கொள்வீர்களா? டெல்டாவில் நல்ல டர்னரை அக்டோபரில் அனுப்பிவிட்டு மே மாதம் தேடினால் அவர் திருச்சியிலோ ஓசூரிலோ கோவையிலோ இருப்பார். ஆகவே வைத்துக்கொள்வீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். இல்லை, டிரில் போடுபவரை ஐப்பசியில் நிறுத்துவதுதான் வழக்கம் என்றால், அவருடைய பங்கான 30 ரூபாயைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

மெஷின் தேய்மானம் 85 வராது. லேத்துக்குக் கொடுத்த பணம் ஏற்கெனவே போய்விட்டது. பிளேட்டை வெளியில் வாங்கினால் அந்தப் பணம் திரும்பாது, கடன் தவணையும் குறையாது. ஓட ஓடத் தேயும் பெல்ட், பேரிங் போன்றவற்றை மட்டும் டிப் கணக்கோடு சேர்த்துக்கொள்ளலாம். லேத்தையே விற்றுவிடும் எண்ணம் இருந்தால் விற்கும் விலை கணக்குக்குள் வரும். ஜாப் வொர்க்கில் சம்பாதிக்கும் லேத்தை நீங்கள் விற்கப் போவதில்லை. வாடகை, ஆபீஸ் பங்கு 115-ம் அப்படியே வெளியே போகிறது.

இப்போது மிஞ்சுவது:

இரும்பு 645
கழிக்க: ஸ்கிராப் 120
கேஸ் 38
டிப், டிரில் 22
யூனிட் கரண்ட் 14
தினக்கூலி 45
ஆக 644 ரூபாய்

வெளியே தள்ளிய 80, 85, 115, 6 நான்கையும் கூட்டினால் 286. வாங்கினால் 200 மிச்சம் என்று கணக்கர் சொன்னது இந்த 286-ஐ நம்பித்தான். துவாக்குடிக்கு 850 கொடுத்தாலும் இந்த 286 உங்கள் பட்டறையிலேயே நிற்கும். பிளேட்டின் பெயரில் எழுத முடியாததால் கேஜ் வீலின் பெயரிலோ ஜாப் வொர்க்கின் பெயரிலோ எழுதுவார்கள், அவ்வளவுதான். இரண்டு பக்கத்திலும் 286-ஐச் சேர்த்துப் பார்த்தாலும் சரிதான்: வாங்கினால் 1,136, செய்தால் 930. வித்தியாசம் மாறாது. கணக்கரிடம் இதை இப்படிச் சொன்னால் சட்டென்று ஒத்துக்கொள்வார்.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வரி. நீங்கள் வரியை உள்ளீட்டுக் கழிவாக எடுப்பவர் என்பதால் இரண்டு பக்கமும் வரி இல்லாத விலையை ஒப்பிட்டது சரி. காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் பட்டறைக்குக் கழிவு கிடையாது. அங்கே பிளேட்டின் மேல் 18 சதவீதம் 153 ரூபாய், இரும்பின் மேல் 116 ரூபாய், இரண்டும் செலவாகவே நின்றுவிடும். செய்வதன் பக்கம் மேலும் 37 ரூபாய் சாயும்.

ஆனால் 644-ஐ அப்படியே நம்பிவிட வேண்டாம், அது கெடாமல் வந்த பிளேட்டின் கணக்கு. லேசரில் வெட்டி வருவது தவறாக இருந்தால் துவாக்குடிக்காரர் மாற்றித் தருவார். உங்கள் பட்டறையில் கெட்டால் இழப்பு உங்களுடையது. இந்த வேலையில் இரண்டு இடத்தில் கெடும். ஒன்று நடுத் துளை. கேஸில் வெட்டிய ஓரத்தில் கசடும் கருத்த தோலும் ஒட்டியிருக்கும். அளவுக்கு ஒட்டி வெட்டிவிட்டு லேத்தில் லேசாகச் சீவலாம் என்று போனால் டிப் அந்தத் தோல் மேலேயே உரசி முனை உடையும். 150 வேண்டிய துளையை 144-க்கு வெட்டி, முதல் வெட்டிலேயே தோலுக்குக் கீழே டிப்பை இறக்க வேண்டும். ஒரு பெட்டி டிப் எத்தனை பிளேட்டுக்கு வந்தது என்று எண்ணினாலே டர்னர் எப்படி வெட்டுகிறார் என்று தெரிந்துவிடும். இன்னொன்று போல்ட் துளைகள். சென்ட்டர் பஞ்ச் அடித்துக் கையால் குறித்துப் போட்டால் எட்டில் ஏழு துளை பொருந்தும், எட்டாவது பொருந்தாது. வயலில் வீல் மாட்டும்போதுதான் தெரியும். இதற்கு டிரில்லைச் சரியான இடத்தில் இறக்கும் அச்சு, அதாவது ஜிக் வேண்டும். கடினமாக்கிய புஷ் வைத்த ஜிக் ஒன்றுக்கு 15,000 ஆகும் என்று வைத்துக்கொள்வோம்.

நூற்றுக்கு 4 பிளேட் கெடுகிறது என்றால், 100 செய்ய ஆகும் 64,400-ல் கெட்ட நான்கைப் பழைய இரும்பாக விற்ற 780-ஐக் கழித்து, மீதியை 96 நல்ல பிளேட் மேல் பரப்புங்கள். ஒன்று 663 ஆகிறது. இனி 644-ஐ மறந்துவிட்டு 663-ஐ வைத்துக்கொள்வோம்.

850-க்கும் 663-க்கும் நடுவில் 187. பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்தி, “எல்லாவற்றையும் நாமே செய்துவிடலாம்” என்று கிளம்பிவிடுவார்கள். உங்கள் லேத் வருடம் முழுதும் சும்மா நிற்கவில்லையே.

ஆடி மாதத்தில் லேத்தில் பிளேட் ஏற்றினால், அந்த நேரத்துக்கு வாசலில் நிற்பவரின் பம்ப் ஷாஃப்ட்டைத் திருப்பி அனுப்புகிறீர்கள். மணிக்கு 450-ல் டிப்பும் கரண்டும் 50 போனால் 400 கையில் நிற்கும். ஏற்றி இறக்குவது சேர்த்து ஒரு பிளேட்டுக்கு லேத்தில் 35 நிமிடம் என்று எடுத்தால், அந்த 35 நிமிடத்தில் விட்ட வருமானம் 233 ரூபாய். இது எந்த வவுச்சரிலும் வராது. ஆனால் 663-ன் மேல் ஏற வேண்டிய செலவு இதுதான். 663-ம் 233-ம் 896. வாங்கும் விலை 850. ஆக, சீசனில் வாங்குவதுதான் சரி. கணக்கரின் முடிவு இந்த ஐந்து மாதத்துக்குப் பொருந்துகிறது, அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு அளவுகோல் கிடைக்கிறது. 187 ரூபாயை 35 நிமிடத்தால் வகுத்து மணிக்கணக்காக்கினால் 320. லேத் வெளி வேலையில் மணிக்கு 320-க்கு மேல் நிகரமாகச் சம்பாதிக்கும் வரை பிளேட்டை வாங்குங்கள். அதற்குக் கீழே போனால் செய்யுங்கள். டிரில் மெஷினைப் பற்றிக் கவலை வேண்டாம். அங்கே 25 நிமிடம்தான் ஆகிறது, அது எப்போதும் லேத்துக்காகக் காத்திருக்கும் மெஷின்.

சீசனில் டர்னரை இரண்டு மணி நேரம் கூடுதலாக நிறுத்தினால் என்ன என்று தோன்றும். இரட்டைக் கூலி கொடுத்தாலும் பிளேட்டுக்கு ஏறக்குறைய 100 ரூபாய்தான் கூடும், 850-க்குக் கீழேதான் நிற்கும் என்று கணக்கு காட்டும். ஆனால் வாசலில் ஆள் நிற்கும் வரை அந்த இரண்டு மணி நேரத்தையும் ஜாப் வொர்க்குக்குக் கொடுப்பதே மேல். கூடுதல் நேரம் வந்ததால் 233 மறைந்துவிடாது.

அடுத்தது, சும்மா நிற்கும் ஏழு மாதத்தில் செய்து அடுக்கி வைப்பது. முழு கேஜ் வீலைச் செய்து அடுக்கினால் கொட்டகை நிறைந்துவிடும். பிளேட் அப்படியில்லை, நூறு பிளேட்டை அடுக்கினால் ஒரு மீட்டர் உயரம்தான். எத்தனை செய்ய முடியும் என்பதுதான் கேள்வி. மாதம் 26 நாள், நாளைக்கு 8 மணி என்றால் 208 மணி. பாதி என்றால் 104. ஏழு மாதத்துக்கு 728 மணி. 1,200 பிளேட்டுக்கு வேண்டியது 700 மணி. அழகாகப் பொருந்துவது போல் இருக்கிறது. எனக்கு அதுதான் சந்தேகம். ‘பாதி நேரம்’ என்பது கண் மதிப்பு. தை, மாசியில் அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கும்போது அவற்றின் ரிப்பேர் வந்து லேத்தை அடைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியில் வைத்து கேஸ் கட்டிங் செய்ய முடியாது, மின்சாரமும் போகும். லேத் நிற்கும் நேரமெல்லாம் காலி நேரம் அல்ல.

லேத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். தினம் நான்கு விஷயம் எழுதினால் போதும்: ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், என்ன வேலை, நின்றது என்றால் ஏன். அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம். வேலை இல்லை, கரண்ட் இல்லை, ஆள் இல்லை, டிப் இல்லை என்ற நான்கில் ஒன்றை டர்னர் எழுதட்டும். ‘வேலை இல்லை’ என்று எழுதிய மணி மட்டுமே பிளேட்டுக்குக் கிடைக்கும். மற்ற மூன்றிலும் பிளேட்டும் செய்ய முடியாது. நோட்டு வரும்வரை 728-ல் 85 சதவீதம் கிடைக்கும் என்று வைத்து, ஏறக்குறைய 618 மணி, 1,060 பிளேட் என்று திட்டமிடலாம்.

அடுக்கி வைப்பதற்கும் செலவு உண்டு. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை செய்வதை மே முதல் செப்டம்பர் வரை மாட்டுவீர்கள், சராசரியாக ஒரு பிளேட் ஆறு மாதம் காத்திருக்கும். வங்கியின் சி.சி. கடன் கணக்கில் 12 சதவீத வட்டி என்றால் 663-க்கு 40 ரூபாய். உங்கள் ஊர் ஈரத்துக்கு எண்ணெய் பூசாமல் வைத்தால் பொங்கலுக்குள் துருவேறும், அதற்கு 5 ரூபாய். மொத்தம் 708. வாங்குவதைவிட 142 மிச்சம், 1,060 பிளேட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம். இரண்டு மாடலுக்கு இரண்டு ஜிக் செய்தால் 30,000. அது 211 பிளேட்டில் திரும்பிவிடும். ஆகவே ஜிக் போடுவதை மிக ஓடும் இரண்டு மாடலோடு நிறுத்துங்கள். வருடத்துக்கு 50 பிளேட் போகும் மாடலுக்கு ஜிக் செய்தால் அதன் பணம் திரும்பவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதைத் துவாக்குடியிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். 1,200-ல் 1,060 போக எப்படியும் வாங்க வேண்டியது 140. இப்படி விட்டுவிடும் மாடல்களில் வருடத்துக்கு அந்த 140-க்கு மேல் போகும் என்றால் 1,060-ல் அந்த அளவு குறையும், மிச்சமும் அதற்கேற்பக் குறையும்.

இதில் பணம் எங்கே மாட்டும் என்றால், ஏப்ரல் கடைசியில் 1,060 பிளேட் அடுக்கியிருக்கும்போது ஏழு லட்சம் ரூபாய் இரும்பாகக் கொட்டகையில் கிடக்கும். அதே நேரத்தில்தான் சீசனுக்கு ஆங்கிளும் பைப்பும் வாங்க வேண்டும். சி.சி. வரம்பு தாங்குமா என்று முதலில் பாருங்கள். வரம்பைத் தாண்டி வெளியில் மாதம் 2 வட்டிக்கு வாங்கினால், ஆறு மாதத்துக்கு 663-க்கு 80 ரூபாய். மிச்சம் 142-லிருந்து 102 ஆகிவிடும். அப்போதும் செய்வதே மேல், ஆனால் தவறு செய்ய இடம் குறைகிறது. அப்படியானால் அக்டோபரில் ஆரம்பிக்காமல் பொங்கல் கழித்து ஆரம்பித்து, ஐந்நூறோ அறுநூறோ பிளேட்டோடு நிறுத்தலாம். காத்திருக்கும் காலம் குறைவதால் வட்டியும் குறையும்.

இந்த ஏழு மாதத்துக்கு அளவுகோல் 320 அல்ல. 142-ஐ 35 நிமிடத்தால் வகுத்தால் மணிக்கு 243. ஓய்வு மாதத்தில் யாராவது செலவு போக மணிக்கு 250 நிற்கும் வெளி வேலை கொண்டுவந்தால், பிளேட்டை இறக்கிவிட்டு அதை ஏற்றுங்கள். 200-தான் நிற்கும் என்றால் வேண்டாம், பிளேட்டே ஓடட்டும். சும்மா நிற்பதற்கு 200 மேல் என்று ஒத்துக்கொள்ளும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. இனி உங்கள் லேத்துக்கு மாற்று வேலை இருக்கிறது, அது மணிக்கு 243 தருகிறது.

எந்த மாதம் ஓய்வு, எந்த மாதம் சீசன் என்பதையும் காலண்டரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறக்க வேண்டும். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 வரை ஆனது. இரண்டுக்கும் இடையில் இரண்டு மாதம். தண்ணீர் தள்ளிப்போகும் வருடத்தில் மோட்டார் வைத்தவர்கள் மட்டும் குறுவை போடுவார்கள், ஜூனில் உங்கள் வாசலில் கூட்டம் இருக்காது. அப்போது அந்த மாதமும் காலி மாதமே, 233 என்ற இழப்பு அங்கே இல்லை, பிளேட் 663-க்குச் செய்யலாம். கேஜ் வீல் விற்பனையும் அந்த வருடம் குறையலாம் என்பதால் எண்ணிக்கையை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டச் செய்தியும் லேத் நோட்டும்தான் உங்களுக்கு வேண்டிய இரண்டு தாள்கள்.

துவாக்குடிக்காரரிடம் இப்போதே பேசிவிடுங்கள். 1,200 வாங்கியவர் 140 மட்டும் கேட்டால் அதே 850-க்குத் தருவாரா? 896 வரை கேட்டாலும் சீசனில் அவரிடமே வாங்குங்கள். அதற்கு மேல் கேட்டால் சீசனிலும் நீங்களே செய்வது மலிவு. வாடிக்கை போகிறதே என்று அவரே விலையைக் குறைக்க முன்வந்தாலும் உங்களுக்கு எல்லை தெரியும்: ஓய்வு மாதத்துக்கு 708. 780-க்கு இறங்கினாலும் 72 மிச்சம் இருக்கிறது, செய்யுங்கள். 720 என்றால் 12 ரூபாய்க்காக ஏழு லட்சத்தை முடக்க நான் சொல்ல மாட்டேன், வாங்கிவிடுங்கள்.

முதலில் ஒரே ஒரு ஜிக் செய்து 50 பிளேட் போடுங்கள். எத்தனை சிலிண்டர் கேஸ், எத்தனை டிப், எத்தனை கெட்டது, லேத்தில் உண்மையில் எத்தனை நிமிடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். நான்கிலும் மிகத் தவறாக வருவது நிமிடம்தான். டர்னர் 35 என்பார், தூக்கி வைப்பதும் சக்கில் சென்ட்டர் பார்ப்பதும் சேர்ந்து 45 ஆகும். 45 ஆனால் ஏழு மாதத்தில் 1,060 அல்ல, ஏறக்குறைய 825 பிளேட்தான் வரும். சீசன் அளவுகோல் 320-லிருந்து 250-க்கும், ஓய்வு மாத அளவுகோல் 243-லிருந்து 190-க்கும் இறங்கும். நூற்றுக்கு 4 கெடும் என்பது 10 ஆனால் 663 என்பது 694 ஆகும். இரண்டும் சேர்ந்து வந்தாலும் ஓய்வு மாதத்தில் செய்வது 100 ரூபாய்க்கு மேல் மலிவாகவே நிற்கிறது. அதனால்தான் டர்னர் பக்கம் சாய்கிறேன், அக்டோபர் முதல் ஏப்ரல் வரைக்கும் மட்டும்.